விரலை வைத்தால் திறக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால்?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"வணக்கம் சார். என் தாத்தாவுக்கு 71 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் நான்தான் அவர் ஆண்ட்ராய்டு போனில் பிட்வார்டன் பாஸ்வேர்டு மேனேஜரைப் போட்டுக் கொடுத்தேன். அதில் 40-க்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. கொஞ்ச நாளாக பேங்க் வெப்சைட்டில் மட்டும் பாஸ்வேர்டைத் தானாக நிரப்புவதில்லை. செயலி கெட்டுவிட்டதா? இன்னொரு பிரச்னை. அவருக்குப் புது போன் வாங்கியிருக்கிறோம். அதில் பிட்வார்டனைப் போட்டால் மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. 'விரலை வைத்தாலே திறக்குமேம்மா, அப்புறம் எதுக்கு பாஸ்வேர்டு?' என்கிறார் தாத்தா. அவருக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. எழுதியும் வைக்கவில்லை. பழைய போனை வரும் ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருக்கிறோம். கம்பெனிக்கு எழுதினால் பாஸ்வேர்டை மாற்றித் தருவார்களா?"

முதலில் அவசரமான பதில். அந்தப் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள். இப்போதைக்கு தாத்தாவின் 40 பாஸ்வேர்டுகளுக்கும் இருக்கும் ஒரே வாசல் அதுதான். பிட்வார்டன் கம்பெனியால் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றித் தர முடியாது. மனமில்லாமல் இல்லை, அவர்களிடம் அது இல்லவே இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பேங்க் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். செயலி கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால், அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

நிரப்பும் முன் எதைப் பார்க்கிறது?

ஆண்ட்ராய்டில் தானாக நிரப்பும் வசதி, அதாவது ஆட்டோஃபில், 2017-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. நீங்கள் யூசர் ஐடி கட்டத்தைத் தொட்டதும், எந்தச் செயலி திறந்திருக்கிறது, பிரவுசர் என்றால் எந்த இணைய முகவரி திறந்திருக்கிறது என்ற தகவலை போன் பாஸ்வேர்டு மேனேஜருக்குக் கொடுக்கும். மேனேஜர் தன் பெட்டகத்தில் அந்த முகவரிக்கு உரிய கணக்கு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் கீபோர்டுக்கு மேலேயோ கட்டத்துக்குக் கீழேயோ அந்தக் கணக்கின் பெயரைக் காட்டும். அதைத் தொட்டு, பெட்டகம் பூட்டியிருந்தால் விரலை வைத்தால், யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் தாமாகப் போய் உட்காரும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மேனேஜர் பக்கத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. பேங்கின் லோகோ, நிறம், "வாடிக்கையாளரே, வணக்கம்" என்ற வரவேற்பு எதுவும் அதன் கண்ணில் படாது. முகவரியை மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. நாம் செய்வது இதற்கு நேர்மாறு. முகத்தைப் பார்த்து நம்பிவிட்டு முகவரியை விட்டுவிடுவோம்.

ஓர் உதாரணம். 'ஏபிசி' என்று ஒரு பேங்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உண்மையான முகவரி இது:

```
abc.bank.in
```

எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கைத் தட்டினால் திறக்கும் போலிப் பக்கத்தின் முகவரி இது:

```
abc-bank.in
```

முதலாவதில் புள்ளி, இரண்டாவதில் சிறு கோடு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் சட்டென்று தெரியாது. ஆனால் மேனேஜருக்கு இவை இரண்டும் வேறு வேறு ஊர். முதலாவதில் பாஸ்வேர்டை நீட்டும். இரண்டாவதில் வாயைத் திறக்காது. அந்த மௌனம்தான் பாதுகாப்பு.

பேங்க் முகவரி மாறினால்?

அப்படியானால் தாத்தாவின் உண்மையான பேங்க் பக்கத்திலும் ஏன் மௌனம்? காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: பேங்க் வீடு மாறிவிட்டது.

போலி வெப்சைட்டுகளைத் தடுப்பதற்காக, இந்திய பேங்குகள் எல்லாம் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் உத்தரவிட்டது. மற்ற இணைய முகவரிகளில் பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கிவிடலாம். `.bank.in` அப்படியல்ல. ஐதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற அமைப்பு மட்டுமே அதை வழங்குகிறது, பேங்குகளுக்குத்தான் வழங்குகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் சிறு கோடு போட்ட `abc-bank.in` இந்த வேலிக்கு வெளியே இருப்பது. அதை யாரும் வாங்கலாம்.

போன வருஷம் நீங்கள் தாத்தாவின் போனில் சேமித்தபோது பேங்க் பழைய முகவரியில் இருந்திருக்கும். பெட்டகத்தில் இருப்பதும் அந்தப் பழைய முகவரிதான். பேங்க் புது முகவரியைத் திறந்ததும், "இந்த ஊரை எனக்குத் தெரியாதே" என்று மேனேஜர் ஒதுங்கிக்கொள்கிறது. நல்ல காரணத்துக்காக வீடு மாறியிருக்கிறதா, திருடன் புது வீடு கட்டியிருக்கிறானா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த இடத்தில்தான் மனிதர் வேண்டும்.

இப்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். நிரப்பவில்லையே என்று பெட்டகத்தைத் திறந்து, பாஸ்வேர்டை காப்பி செய்து, பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார்கள். முகவரியை ஒப்பிடும் வேலையை நாமே ரத்து செய்வது அது. பிட்வார்டனில் இன்னொரு வழியும் உண்டு. பொருந்தும் கணக்கு இல்லாதபோது பெட்டகத்துக்குள் தேடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், `Autofill` என்றும் `Autofill and save` என்றும் கேட்கும். இரண்டாவதைத் தொட்டால் பாஸ்வேர்டு நிரம்புவதோடு, அப்போது திறந்திருக்கும் முகவரியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். போலிப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைத் தொட்டால், அடுத்த முறையிலிருந்து அந்தப் போலிக்கும் மேனேஜர் தானாகவே பாஸ்வேர்டை நீட்டும்.

சரியான வழி இது. எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் லிங்க்கிலிருந்து பேங்க் பக்கத்துக்குப் போகவே வேண்டாம். புது முகவரியை பேங்க் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேங்கின் சொந்தச் செயலியில் பாருங்கள். அதை பிரவுசரில் உங்கள் கையாலேயே அடித்துத் திறந்து பாருங்கள். அது `.bank.in` என்றுதான் முடிகிறதா, அதற்கு முன்னால் இருப்பது கோடா, புள்ளியா என்று நிதானமாகப் படியுங்கள். பிறகு பெட்டகத்தில் அந்த பேங்க் கணக்கைத் திறந்து, `Edit` போய், இணைய முகவரிக் கட்டத்தில் புதியதைச் சேர்த்துச் சேமியுங்கள். ஒரு முறை செய்தால் போதும்.

முகவரி சரியாக இருந்தும் குரோமில் மட்டும் நிரப்பவில்லை என்றால், குரோமின் செட்டிங்ஸில் `Autofill services` என்ற பகுதியில் `Autofill using another service` தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் குரோம் கூகுளின் பெட்டகத்தில் மட்டும்தான் தேடும்.

ஆட்டோஃபில் காக்காத இடங்களும் உண்டு. ஓடிபி-யைப் பெட்டகம் காவல் காப்பதில்லை. போனில் ஒருவர் கேட்டு நீங்கள் சொல்லிவிட்டால் அது போனதுதான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் `.apk` கோப்பை நிறுவி, அதற்கு `Accessibility` அனுமதியும் கொடுத்துவிட்டால், அது திரையில் நடப்பதையெல்லாம் பார்க்கும். அந்த நிலையில் எந்த மேனேஜரும் துணைக்கு வராது.

கம்பெனியிடம் ஏன் இல்லை?

இனி மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு வருவோம்.

ஜிமெயில் பாஸ்வேர்டை மறந்தால் கூகுள் சில கேள்விகள் கேட்டு புது பாஸ்வேர்டு வைக்க விடுகிறது. பாங்க் லாக்கர் சாவி தொலைந்தால்கூட ஆளை வரவழைத்து உடைத்துத் திறக்கிறார்கள். பாஸ்வேர்டு மேனேஜரில் மட்டும் ஏன் முடியாது?

மாஸ்டர் பாஸ்வேர்டை நீங்கள் அடித்ததும் அது கம்பெனிக்குப் போவதில்லை. உங்கள் போனே அதை உங்கள் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து ஒரு கணக்கில் போட்டு அரைக்கிறது. பிட்வார்டனில் வழக்கமான அமைப்புப்படி இந்த அரைப்பு 6 லட்சம் சுற்றுகள் நடக்கும். உங்கள் கணக்குக்கு அது கண் இமைக்கும் நேரம். ஆனால் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க நினைக்கும் திருடனுக்கு ஒவ்வொரு முயற்சியிலும் 6 லட்சம் சுற்று என்பது பெரும் சுமை. அரைத்து வருவதுதான் பெட்டகத்தின் சாவி. அந்தச் சாவி போனை விட்டு வெளியே போவதில்லை. "இவர் சரியான ஆள்தான்" என்று சரிபார்க்க, அதிலிருந்து மறுபடியும் அரைத்த ஒரு துணுக்கு மட்டும் கம்பெனிக்குப் போகிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாததுபோல, அந்தத் துணுக்கிலிருந்து பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்க முடியாது. கம்பெனியின் கணினியில் இருப்பது பூட்டிய பெட்டகம் மட்டுமே.

இது வீண் பிடிவாதம் இல்லை என்பதற்கு 2022-ல் நடந்ததே சாட்சி. லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜர் கம்பெனியிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைத் திருடர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனியே இதை ஒப்புக்கொண்டது. வெப்சைட் முகவரிகள் போன்ற சில விவரங்கள் பூட்டில்லாமலே இருந்தன; பாஸ்வேர்டுகள் பூட்டியிருந்தன. நீளமான, ஊகிக்க முடியாத மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் பெட்டகம் திருடர் கையில் வெறும் இரும்புப் பெட்டியாக இருந்தது. எளிதான பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆபத்து. சாவியின் நகலும் கம்பெனியிடம் இருந்திருந்தால் எல்லோருக்கும் ஆபத்துதான்.

திருடனுக்குத் திறக்காத அதே பூட்டுதான், மறந்துபோன தாத்தாவுக்கும் திறக்க மறுக்கிறது.

விரல் எதைத் திறக்கிறது?

"விரலை வைத்தாலே திறக்குமே" என்று தாத்தா சொல்வது அந்தப் பழைய போனைப் பொறுத்தவரை உண்மை. முதல் முறை மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்துத் திறந்த பிறகு, பெட்டகச் சாவியின் ஒரு பிரதியை அந்த போனின் பாதுகாப்பு அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். விரல் திறப்பது அந்த அறையைத்தான். விரல்ரேகை பெட்டகத்தின் சாவியல்ல. அந்த ஒரு போனுக்குள் இருக்கும் தாழ்ப்பாள். புது போனில் அந்த அறையே இல்லை. அதனால் தாத்தாவின் அதே விரலுக்கு அங்கே மதிப்பும் இல்லை. பழைய போனிலிருந்து புது போனுக்கு எல்லாவற்றையும் மாற்றும் வசதியைப் பயன்படுத்தினாலும் பிட்வார்டன் செயலி வருமே தவிர, திறந்த பெட்டகம் வராது.

அந்தத் தாழ்ப்பாள் மிக எளிதாகக் கழன்றுவிடும் என்பதுதான் இப்போதைய கவலை. எனவே பழைய போனில் இவற்றைச் செய்யாதீர்கள்:

- பிட்வார்டனில் `Log out` கொடுக்காதீர்கள். செயலியை நீக்காதீர்கள்; அதன் டேட்டாவை அழிக்காதீர்கள்.
- போனில் புதிதாக யாருடைய விரல்ரேகையையும் சேர்க்காதீர்கள். புது ரேகை சேர்ந்தால் பிட்வார்டன் சந்தேகப்பட்டு மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்கும். பேத்தி உதவி செய்கிறேன் என்று தன் விரலைப் பதிந்தால் கதவு மூடிவிடும்.
- போனின் திரைப்பூட்டை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் பதிந்த ரேகைகளும் போய்விடும்.
- அந்த போனில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள். பெட்டகத்தைத் திறக்க பின் நம்பர் வைத்திருந்தால், அதை ஐந்து முறை தவறாக அடித்ததும் செயலி தானாகவே வெளியேறிவிடும். வெளியேறினால் மறுபடி உள்ளே போக மாஸ்டர் பாஸ்வேர்டு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்

முதலில், உண்மையிலேயே மறந்துதான் போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊகங்களை ஒரு கணினியின் பிரவுசரில் `vault.bitwarden.com` பக்கத்தில் அடித்துப் பாருங்கள். பழைய போன் பக்கம் போக வேண்டாம். மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். முகவரி தவறாக இருந்தாலும் பாஸ்வேர்டு தவறு என்பதுபோலத்தான் பதில் வரும். புது போனின் செயலியில் மின்னஞ்சல் கட்டத்துக்கு அருகே `bitwarden.com` அல்லது `bitwarden.eu` என்று இருக்கும். இரண்டும் தனித்தனிக் கிடங்குகள். ஒன்றில் தொடங்கிய கணக்கு மற்றதில் இருக்காது. பலர் இந்த இடத்தில்தான் சரியான பாஸ்வேர்டை அடித்துவிட்டு மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, உள்ளே நுழையும் திரையில் மாஸ்டர் பாஸ்வேர்டு குறிப்பைக் கேட்கும் வசதி இருக்கிறது. கணக்கு தொடங்கும்போது நீங்கள் ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால், அது தாத்தாவின் மின்னஞ்சலுக்கு வந்துசேரும். "பழைய வீட்டு வாசல்மரம்" என்பதுபோல ஒரு வரி இருந்தால் ஞாபகம் வந்துவிடலாம்.

அதிலும் பலன் இல்லை என்றால், பழைய போனில் விரலை வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதைக் கையால் எடுத்து எழுத வேண்டியதுதான். மொத்தமாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. ஆனால் அதற்கு மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கும். மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவதற்கும் பழைய மாஸ்டர் பாஸ்வேர்டையே கேட்கும். ஆனால் ஒவ்வொரு கணக்காகத் திறந்து, கண் படத்தைத் தொட்டு, பாஸ்வேர்டைப் பார்ப்பதற்குத் தடையில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது; பிட்வார்டன் அதை வழக்கமாகத் தடுத்தே வைத்திருக்கும்.

இதற்கு நான் சொல்லும் வரிசை இது. தாத்தாவுக்கு வேறொரு மின்னஞ்சல் முகவரியில் புது பிட்வார்டன் கணக்கு ஒன்றைப் புது போனில் தொடங்குங்கள். பழைய கணக்கைத் தொட வேண்டாம். வேலை முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும். பழைய போனை இடது கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் புது பெட்டகத்தில் அடியுங்கள். தாத்தா பழையதிலிருந்து படிக்க, நீங்கள் புதியதில் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது மின்னஞ்சல் பாஸ்வேர்டு. காரணம், மற்றவற்றில் பெரும்பாலானவை மறந்தாலும் `Forgot password` தொட்டு, மின்னஞ்சலிலோ மொபைலிலோ வரும் எண்ணைக் கொண்டு புதிதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, அப்படிப் புதிதாக வைத்துக்கொள்ள முடியாதவற்றை எடுங்கள். பெட்டகத்தில் குறிப்பாக எழுதி வைத்த எண்கள், இரண்டடுக்குப் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட மீட்பு எண்கள் போன்றவை. பேங்க், கேஸ், மின்சாரக் கட்டணம் எல்லாம் மூன்றாவது. அவற்றுக்கெல்லாம் வேறு வழி உண்டு.

எடுத்த ஒவ்வொன்றையும் புது போனில் ஒரு முறை உள்ளே நுழைந்து சரிபாருங்கள். ஆங்கில ஓவையும் பூஜ்ஜியத்தையும் மாற்றி அடிப்பது இந்த வேலையில் சகஜம். அடிக்கும்போதே முகவரிக் கட்டத்தில் பேங்கின் புது முகவரியைப் போட்டுவிட்டால், உங்கள் முதல் கேள்வியும் அங்கேயே தீர்ந்தது. எல்லாம் சரி என்று ஆன பிறகு, விருப்பம் இருந்தால் பழைய கணக்கை `vault.bitwarden.com/#/recover-delete` பக்கத்தில் நீக்கலாம். இதற்கு மாஸ்டர் பாஸ்வேர்டு தேவையில்லை. மின்னஞ்சலில் வரும் உறுதிப்பாடு போதும். ஆனால் நீக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கடைசி வேலையாகத்தான் இதைச் செய்ய வேண்டும். போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது அதற்கும் பிறகு.

பழைய போன் ஏற்கெனவே கை மாறிப்போயிருந்தால்? பெட்டகம் போனதுதான். ஆனால் கணக்குகள் போகவில்லை. 40 இடங்களிலும் ஒவ்வொன்றாக `Forgot password` போட வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் முடியும். அதற்கும் மின்னஞ்சல் திறந்திருக்க வேண்டும். அதனால்தான், மின்னஞ்சல் பாஸ்வேர்டு பெட்டகத்துக்குள் மட்டுமே இருக்கக் கூடாது. பெட்டகத்தைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சலைத் திறக்க பெட்டகம் வேண்டும் என்று ஆகிவிட்டால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இரண்டாவது கணக்குக்கு இரண்டு காவல்

புதுக் கணக்கின் மாஸ்டர் பாஸ்வேர்டு குறைந்தது 12 எழுத்து இருக்க வேண்டும் என்று பிட்வார்டன் கேட்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைப்பது நல்லது. இங்கே நம் மொழிக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைப்போம். ஆறு மாதம் கழித்து வாழை என்பதை `vaazhai` என்று எழுதினோமா, `vazhai` என்றா, `valai` என்றா என்பது மறந்துவிடும். சொல் ஞாபகம் இருக்கும், எழுத்து இருக்காது, பெட்டகம் திறக்காது. அப்படி வைத்தால் எழுத்துக்கு எழுத்து எழுதி வையுங்கள். தமிழ் எழுத்திலேயே வைப்பதும் வேண்டாம்; அவசரத்துக்கு உட்காரும் கணினியில் தமிழ் கீபோர்டு இருக்காது.

ஆம், காகிதத்தில் எழுதி வைக்கலாம். எழுதக் கூடாது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது மேஜைமேல் ஒட்டிவைக்கும் சீட்டுக்கான எச்சரிக்கை. இணையத் திருடனால் வீட்டு பீரோவுக்குள் கை விட முடியாது. கணக்கின் மின்னஞ்சல் முகவரி, மாஸ்டர் பாஸ்வேர்டு, `bitwarden.com` என்ற கிடங்கின் பெயர், இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தால் அதன் மீட்பு எண், இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். எழுதிய பிறகு அந்தத் தாளைப் பார்த்தே ஒரு முறை கணினியில் அடித்துத் திறந்து பார்த்துவிட்டு உறையை ஒட்டுங்கள். சரிபார்க்காமல் ஒட்டிய உறையில் தவறான எழுத்து இருந்தால் அது யாருக்கும் பயன்படாது.

இரண்டாவது காவல், பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் உள்ள `Emergency access`. தாத்தா தன் கணக்கிலிருந்து பேத்தியை நம்பிக்கைக்குரியவராகச் சேர்க்கலாம். கட்டணம் தாத்தாவின் கணக்குக்குத்தான். பேத்திக்கு இலவசக் கணக்கே போதும். 1 நாளிலிருந்து 90 நாள்வரை ஒரு காத்திருப்புக் காலத்தைத் தாத்தா குறிப்பார். 7 நாள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு என்றாவது மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துபோனால், பேத்தி தன் கணக்கிலிருந்து அனுமதி கேட்பாள். தாத்தாவுக்கு மின்னஞ்சல் போகும். 7 நாளுக்குள் அவர் மறுக்காவிட்டால் கதவு திறக்கும். பேத்தி தானாக விளையாடினால் மறுத்துவிடலாம். `Takeover` என்ற உரிமையைக் கொடுத்திருந்தால், அவள் தாத்தாவின் கணக்குக்கு புது மாஸ்டர் பாஸ்வேர்டே வைத்துக் கொடுக்கலாம். `View` என்றால் பார்க்க மட்டும் முடியும்.

கம்பெனியால் முடியாதது பேத்தியால் எப்படி முடிகிறது? சேர்க்கும் நாளிலேயே தாத்தாவின் பெட்டகச் சாவி, பேத்தியின் கணக்கு மட்டுமே திறக்கக்கூடிய இன்னொரு பூட்டுக்குள் வைக்கப்படுகிறது. கம்பெனி அந்தப் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறதே தவிர, பிரிக்க முடியாது. அதனால் இதை மறப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். மறந்த பிறகு, சாவியை எடுத்து வைக்க யாரும் இல்லை. அழைப்பு அனுப்புவது, பேத்தி ஏற்பது, தாத்தா மறுபடி உறுதி செய்வது என்று மூன்று படிகள் இருக்கின்றன. மூன்றாவதை விட்டுவிட்டால் ஏற்பாடு பாதியில் நிற்கும். தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

தாத்தாவுக்கு ஒரு சின்னப் பழக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள். மாதப் பென்ஷன் வரும் நாளில், விரலை வைக்காமல் கணினியிலோ பேத்தியின் போன் பிரவுசரிலோ மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரு முறை கையால் அடித்து உள்ளே போய்விட்டு, வேலை முடிந்ததும் அங்கே `Log out` கொடுத்துவிட்டு வரட்டும். விரல் மட்டும் வைத்து வைத்துத்தான் கைக்கு அந்த எழுத்துகள் மறந்துபோகின்றன.